திறந்த டின்: தேங்காய்ப்பாலுக்கு ஒரு கணக்கு, கண்டென்ஸ்டு மில்க்குக்கு வேறு கணக்கு

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை விருந்துக்காகக் காலை பதினொரு மணிக்கு 400 மில்லி தேங்காய்ப்பால் டின் ஒன்றும் கண்டென்ஸ்டு மில்க் டின் ஒன்றும் திறந்தேன். சொதிக்கும் பாயசத்துக்கும் போக இரண்டிலும் பாதி மீதி. வந்தவர்கள் கிளம்பிய பிறகு, மூன்று மணிக்குத்தான் கண்ணாடி பாட்டில்களில் மாற்றி ஃபிரிட்ஜில் வைத்தேன். இன்று வியாழன். தேங்காய்ப்பால் மேலே வெள்ளைக் கட்டியாக உறைந்து அடியில் தண்ணீராக நிற்கிறது. கண்டென்ஸ்டு மில்க் நாக்கில் மணல் மாதிரி நறநறக்கிறது. என் மகள் அதைக் கரண்டியால் எடுத்து நக்குவாள். கணவர் இரண்டையும் கொட்டச் சொல்கிறார். டின்னிலோ அடுத்த வருடத் தேதி போட்டிருக்கிறது. மாற்றி வைத்தால் எத்தனை நாள் தாங்கும்? கொதிக்க வைத்துப் பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: தேங்காய்ப்பாலைக் கொட்டிவிடுங்கள் அம்மா. கண்டென்ஸ்டு மில்க்கைக் கொட்ட வேண்டாம். உங்கள் கணவர் சொன்னது பாதி சரி. ஆனால் இரண்டு பாட்டிலிலும் உங்கள் கண்ணில் பட்டவை கெட்டதற்கான அடையாளங்களே அல்ல. தேங்காய்ப்பால் போக வேண்டியது மேலே நிற்கும் வெள்ளைக் கட்டிக்காக இல்லை, ஞாயிறு மதியம் அது அடுப்படியில் இருந்த நான்கு மணி நேரத்துக்காக.

கடையில் இரண்டு டின்களும் ஒரே அலமாரியில்தான் இருக்கும். உள்ளே இருப்பவை கெடாமல் இருக்கும் காரணம் மட்டும் முற்றிலும் வேறு.

தேங்காய்ப்பாலில் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட தண்ணீர். மீதியில் பெரும்பகுதி கொழுப்பு, கொஞ்சம் புரதம், கொஞ்சம் இயற்கையான சர்க்கரை. புளிப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. கிருமிக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. அது டின்னில் வருடக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கு ஒரே காரணம், மூடிய டின்னை அப்படியே பெரிய பிரஷர் குக்கர் போன்ற ஒரு கலனில் வைத்து 115 முதல் 121 டிகிரி வரை சூடாக்கி, உள்ளே இருந்த உயிர்களைக் கொன்றுவிடுகிறார்கள் என்பதுதான். காற்றுப் புகாத டின்னுக்குள் புதிதாக எதுவும் நுழைய முடியாது. நீங்கள் மூடியை வெட்டிய அந்த நொடியில் இந்தப் பாதுகாப்பு முழுவதும் முடிந்துவிடுகிறது. டின்னின் மேல் இருக்கும் தேதி திறக்காத டின்னுக்கு உரியது. திறந்த பிறகு அந்தத் தேதியைப் பார்ப்பதில் பயன் இல்லை.

கண்டென்ஸ்டு மில்க் டின்னை இப்படிக் கொதிநிலைக்கு மேல் வேக வைப்பதில்லை. பாலைச் சூடாக்கி, சர்க்கரை சேர்த்து, வெற்றிடக் கலனில் தண்ணீரை ஆவியாக்கிக் குறுக்கி, ஆற வைத்து டின்னில் அடைக்கிறார்கள். பொதுவாக அதில் நூற்றுக்கு 40 பங்குக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கும். தண்ணீர் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். அந்தத் தண்ணீரையும் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமிக்கு அது கிடைப்பதில்லை. ஊறுகாயில் உப்பு செய்யும் வேலையை இங்கே சர்க்கரை செய்கிறது. ஃபிரிட்ஜ் என்ற ஒன்று வீடுகளுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1856-இல், அமெரிக்காவில் கெயில் போர்டன் குறுக்கிய பாலுக்குக் காப்புரிமை வாங்கினார். சர்க்கரை சேர்த்த பால் குளிரூட்டி இல்லாத உலகத்துக்காக வளர்ந்த பொருள். டின்னைத் திறந்தாலும் சர்க்கரை எங்கேயும் போய்விடுவதில்லை. எனவே பாதுகாப்பின் பெரும்பகுதி பாட்டிலுக்குள்ளும் கூடவே வருகிறது.

மீதிக் கணக்கு எல்லாம் இந்த வேறுபாட்டிலிருந்து வருவதுதான். முதலில் தேங்காய்ப்பாலைப் பார்ப்போம்.

திறந்தவுடன் மாற்றி, உடனே ஃபிரிட்ஜில் வைத்த தேங்காய்ப்பாலுக்கு மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள். டின்னின் மேல் இதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இந்த நாள் கணக்கு டின்னைத் திறந்த நேரத்திலிருந்து ஓடுகிறது, பாட்டிலுக்கு மாற்றிய நேரத்திலிருந்து அல்ல. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். இரண்டு நாள் டின்னிலேயே வைத்திருந்து, பிறகு சுத்தமான பாட்டிலுக்கு மாற்றினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்காது.

இன்னொன்று, அந்த மூன்று நான்கு நாள் என்பது ஃபிரிட்ஜின் உள்ளே 4 அல்லது 5 டிகிரி இருந்தால்தான். கதவில் இருக்கும் பாட்டில் தட்டு ஃபிரிட்ஜிலேயே சூடான இடம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வெளிக்காற்று அதன் மேல்தான் படுகிறது. தேங்காய்ப்பாலை நடுத்தட்டிலோ கீழ்த்தட்டிலோ பின்பக்கமாக வையுங்கள். மின்தடையைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்: கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும். கரண்ட் போனதும் "ஐஸ் உருகிவிட்டதா" என்று திறந்து திறந்து பார்ப்பதுதான் கெடுக்கிறது.

இப்போது உங்கள் ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணிக்குத் திறந்த டின் மூன்று மணி வரை வெளியே இருந்திருக்கிறது. கெடக்கூடிய உணவு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொதுவான விதி. வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் அது ஒரு மணி நேரம்தான். மதுரையில் விருந்து நாளில், மூன்று அடுப்பும் எரிகிற அடுப்படியில் 32 டிகிரி என்பது குறைந்தபட்சம் என்றே வைத்துக்கொள்ளலாம். அந்தச் சூட்டில் சில கிருமிகள் அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். கரண்டியிலிருந்தோ டின் திறப்பானிலிருந்தோ நூறு கிருமி விழுந்திருந்தால்கூட, நான்கு மணி நேரத்தில் எட்டு முறை இரட்டித்து இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டிவிடும். பிறகு ஃபிரிட்ஜில் வைத்தால் அவை சாவதில்லை, வேகம்தான் குறைகிறது. அதற்கு மேல் நான்கு நாள் போயிருக்கிறது. டின்னைத் திறந்த கையோடு மாற்றி உள்ளே வைத்திருந்தால், வியாழக்கிழமை காலை மோந்து பார்த்து, குழம்பில் ஊற்றி நன்றாகக் கொதிக்கவிட்டு முடித்துவிடுங்கள் என்று சொல்லியிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை.

கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடுமே என்று கேட்பீர்கள். கிருமி பெரும்பாலும் சாகும். ஆனால் சில வகைக் கிருமிகள், குறிப்பாக நம் கையிலும் மூக்கிலும் இருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ், பெருகும்போதே உணவில் ஒரு நச்சை விட்டுவிடும். அந்த நச்சு கொதித்தாலும் அழியாது. எனவே நல்ல நிலையில் இருக்கும் பாலைக் கொதிக்க வைப்பது சமையல். நேரம் கடந்ததைக் கொதிக்க வைப்பதால் அது நல்ல பாலாகிவிடாது. நல்ல பாலையே நாள் கூட்டுவதற்காகத் தனியாகக் கொதிக்க வைத்தால் திரிந்து எண்ணெய் பிரியும், சுவையும் போகும். அதற்குப் பதில் அன்றே இன்னொரு குழம்பு வைத்துவிடலாம்.

அந்த வெள்ளைக் கட்டி என்ன என்று சொல்லவில்லையே. அது கொழுப்பு. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் குளியலறை எண்ணெய் பாட்டிலில் நீங்கள் பார்ப்பதுதான் இது. பாலை விடக் கொழுப்பு லேசானது என்பதால் மேலே மிதந்து, அங்கேயே கட்டியாகிறது. குவார் கம் போன்ற கெட்டிப்பான்கள் சேர்த்த பாலில் இது குறைவாக இருக்கும், எதுவும் சேர்க்காத பாலில் நன்றாகவே பிரியும். என் கணக்கில் நன்றாகப் பிரிவது குறை இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிறுத்திக் குலுக்கினால் மறுபடி சேர்ந்துவிடும்.

உண்மையில் கெட்டது வேறு மாதிரி இருக்கும். மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று காற்று வரும், அல்லது ஓரத்தில் சிறு குமிழ்கள் நிற்கும். புளித்த மாவு வாடை அடிக்கும். கரண்டியில் எடுத்தால் கொழகொழவென்று நூல் இழுக்கும். மேற்பரப்பிலோ மூடியின் உட்பக்கத்திலோ இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, கறுப்புப் புள்ளிகள் தெரியும். தேங்காய்க்கே உரிய ஒன்றும் உண்டு: சோப்பு வாடை. தேங்காய்க் கொழுப்பைக் கிருமிகளும் பூஞ்சைகளும் உடைக்கும்போது லாரிக் அமிலம் தனியாகப் பிரிகிறது. சோப்பு செய்யத் தேங்காய் எண்ணெயைப் பயன்படுத்துவது நினைவிருக்கும், அந்த வாடைதான். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். ஆனால் இவை எதுவும் தெரியாததால் நல்லது என்றும் ஆகிவிடாது. லிஸ்டீரியா என்ற கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் மெல்ல வளரும், வாடையே காட்டாது. கர்ப்பிணிகளுக்கு அது மிகவும் ஆபத்தானது. நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் நான்கு நாளோடு நிறுத்துங்கள் என்று நாங்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அட்டைப் பெட்டியில் வரும் தேங்காய்ப்பாலுக்கும், திறந்த பிறகு, இதே விதிதான். வீட்டில் துருவிப் பிழிந்த பால் இன்னும் சீக்கிரம் கெடும். கிருமி நீக்கம் செய்யாத பால் அது. ஃபிரிட்ஜிலேயே ஒரு நாள்தான் அதற்குக் கணக்கு.

சரி, கண்டென்ஸ்டு மில்க்குக்கு வருவோம். நான்கு மணி நேரம் வெளியே இருந்தது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மலேசியா, சிங்கப்பூர் டீக்கடைகளில் திறந்த டின் மேடை மேலேயே இருக்கும். அங்கே அன்றன்றே டின் காலியாகிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் அரை டின் பல நாள் உட்காருவதால் ஃபிரிட்ஜ் தேவை. உலர்ந்த, இறுக்கமாக மூடும் பாட்டிலில், உலர்ந்த கரண்டி மட்டும் போகும் வீட்டில், இரண்டு வாரம் வரை வைத்துக்கொள்ளலாம். டின்னில் அதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஒரு வாரம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

நறநறப்பு பாலிலேயே இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை. அது தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, குளிரில் இன்னும் குறைவாகவே கரையும். ஆலையில் பாலை ஆற வைக்கும்போது மிக நுண்ணிய லாக்டோஸ் தூளை வேண்டுமென்றே தூவுவார்கள். எல்லாப் படிகங்களும் நாக்குக்குத் தெரியாத அளவில், சிறிதாகவே உருவாகட்டும் என்பதற்காக. வீட்டு ஃபிரிட்ஜில் நாள்பட இருக்கும்போது சில படிகங்கள் பெரிதாகி நாக்கில் தட்டுப்படுகின்றன. கெடுதல் எதுவும் இல்லை. பாயசத்தில் போட்டுக் காய்ச்சினால் கரைந்துவிடும். நாளாக ஆக நிறம் லேசாகப் பழுப்பாவதும் இறுகுவதும்கூட அதன் இயல்புதான்.

உங்கள் வீட்டில் நான் கவலைப்படுவது நறநறப்பைப் பற்றி இல்லை, மகளின் கரண்டியைப் பற்றி. கண்டென்ஸ்டு மில்க்கைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர். ஈரக் கரண்டி போனாலோ, கழுவி சரியாகக் காயாத பாட்டிலில் ஊற்றினாலோ, அந்தச் சொட்டுத் தண்ணீர் முழுவதிலும் கலந்துவிடாது. அது மிகவும் கெட்டியான பொருள், தண்ணீர் மேலேயே மெல்லிய படலமாக நிற்கும். அந்தப் படலத்தில் மட்டும் சர்க்கரை நீர்த்துப்போகிறது. அங்கேதான் ஈஸ்டும் பூஞ்சையும் குடியேறுகின்றன. நக்கிய கரண்டி இன்னும் ஒரு படி மேல், தண்ணீரையும் வாயிலிருக்கும் கிருமிகளையும் சேர்த்தே கொண்டுபோகிறது. நான் சொன்ன ஸ்டாஃபிலோகாக்கஸ் மற்றக் கிருமிகளைவிடச் சர்க்கரையையும் உப்பையும் தாங்கக்கூடியது. கண்டென்ஸ்டு மில்க்கின் அடர்த்தி அதற்குக் கிட்டத்தட்ட எல்லைக்கோடு, கொஞ்சம் நீர்த்தால் கோடு தாண்டிவிடும். நல்ல வேளையாக அது ஃபிரிட்ஜ் குளிரில் வளராது. உங்கள் பாட்டில் மூன்று மணிக்குப் பிறகு குளிரிலேயே இருந்திருக்கிறது என்பதால்தான் கொட்ட வேண்டாம் என்றேன்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். இன்று பாட்டிலை வெளிச்சத்தில் வைத்து மேற்பரப்பைப் பாருங்கள். நீர்த்த படலமோ, குமிழியோ, பஞ்சு போன்ற புள்ளியோ, பழுப்பு நிறத்தில் பட்டன் மாதிரி சிறு கட்டிகளோ இருக்கின்றனவா? அந்தக் கட்டி சர்க்கரை இல்லை, பூஞ்சை தன்னைச் சுற்றிப் பாலை உறைய வைத்து உருவாக்குவது. கள் மாதிரி வாடை வந்தால் ஈஸ்ட் நுழைந்துவிட்டது என்று அர்த்தம். இவற்றில் ஏதாவது இருந்தால் முழுப் பாட்டிலும் போகட்டும். மேலாக வழித்து எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்த வேண்டாம். எதுவும் இல்லை என்றால் இந்த சனி, ஞாயிறுக்குள் காய்ச்சும் இனிப்பு எதிலாவது சேர்த்து முடித்துவிடுங்கள். ரொட்டியில் அப்படியே தடவிக் கொடுக்க வேண்டாம். அடுத்த டின்னைத் திறக்கும்போது மகளுக்கு ஆசையாக இருந்தால் ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டு பாட்டிலை மூடிவிடுங்கள், கிண்ணத்தில் மிஞ்சியது பாட்டிலுக்குத் திரும்பக் கூடாது.

அடுத்த முறை மாற்றும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். திறப்பதற்கு முன்பே டின்னின் மேல் தகட்டைத் துடைத்துவிடுங்கள், கடைக் கிடங்கின் தூசு அத்தனையும் அங்கே இருக்கும். டின் திறப்பானின் பல்சக்கரத்தைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பல வீடுகளில் அதில் போன மாத டின்னின் மிச்சம் காய்ந்து ஒட்டியிருக்கும், அது நேராக உள்ளே விழுகிறது. டின்னிலேயே விட்டு மேலே அலுமினியத் தாளைச் சுற்றி வைப்பதில் விஷம் ஒன்றும் இல்லை. ஆனால் அது இறுக மூடாது, வெங்காய வாடையைத் தேங்காய்க் கொழுப்பு உறிஞ்சிக்கொள்ளும், காற்றுப் பட்ட தகட்டிலிருந்து இரும்பு வாடையும் ஏறும். கண்ணாடியோ எவர்சில்வரோ நல்லது. பாட்டிலைக் கொதிநீரில் அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து முழுக்கக் காய விடுங்கள். தேங்காய்ப்பாலுக்கு ஓரிரு சொட்டு ஈரம் பெரிய விஷயம் இல்லை, கண்டென்ஸ்டு மில்க்குக்கு அதுதான் விஷயமே. அதைக் கிட்டத்தட்ட விளிம்பு வரை நிரம்பும் சிறிய பாட்டிலில் ஊற்றுங்கள். பூஞ்சைக்குக் காற்று வேண்டும், ஆலையிலும் இதனால்தான் டின்னை வாய் வரை நிரப்புகிறார்கள். மூடியின் மேல் திறந்த தேதியை ஒரு டேப்பில் எழுதி ஒட்டிவிட்டால் வியாழக்கிழமை வாக்குவாதம் வராது.

தேங்காய்ப்பாலில் பாதிதான் வேண்டும் என்று முன்பே தெரிந்தால், டின்னைத் திறந்த உடனேயே மீதி 200 மில்லியை ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்துவிடுங்கள். ஒரு குழி சுமார் இரண்டு மேசைக்கரண்டி பிடித்தால் ஏழு கட்டிக்குள் முடிந்துவிடும். உறைந்ததும் கழற்றி, காற்றை வெளியேற்றிய பையில் போட்டு மூன்று மாதத்துக்குள் பயன்படுத்துங்கள். உருகும்போது பிரிந்து திட்டுத்திட்டாக இருக்கும், அதனால் ஆப்பத்துக்குத் தொட்டுக்கொள்ளும் இனிப்புப் பாலுக்கு அது சுகப்படாது. சொதி, குருமா, மீன் குழம்பு ஆகியவற்றில் கட்டியை அப்படியே கொதிக்கும் குழம்பில் போடலாம், வித்தியாசம் தெரியாது. மூன்றாம் நாள் நினைவு வந்து உறைய வைத்தால், ஏற்கெனவே போன அந்த மூன்று நாள் கணக்கிலிருந்து அழிந்துவிடாது. கண்டென்ஸ்டு மில்க்குக்கு ஃப்ரீஸர் தேவையில்லை. சர்க்கரை மிகுதியால் அது கல்லாக உறையாது, நறநறப்புதான் கூடும்.

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் சில சமயம் எவாப்பரேட்டட் மில்க் என்ற டின்னைக் கொண்டு வருவார்கள். கண்டென்ஸ்டு மில்க் போலவே இருக்கும், ஆனால் அதில் சர்க்கரை சேர்ப்பதில்லை. டின்னோடு வேக வைத்துக் கிருமி நீக்கிய வெறும் பால் அது. அதைத் திறந்தால் இரண்டு வாரக் கணக்கைப் போடாதீர்கள், தேங்காய்ப்பாலைப் போல மூன்று நான்கு நாள்தான். எந்த டின்னாக இருந்தாலும், திறக்கும் முன்பே மேலோ கீழோ உப்பியிருந்தாலும், விளிம்பு மடிப்பில் நசுங்கிக் கசிந்திருந்தாலும் திறந்து பார்க்காமலே குப்பையில் போட்டுவிடுங்கள்.